இனிப்பு ஜின்களைக் கையாளுதல்: ஓல்ட் டொம், ஸ்லோ, பெரி வகைகளைக் கொக்டெயிலில் ஒப்பிட்டு அறிய ஒரு வழிகாட்டி

பாசிக்குடாக் கடற்கரையில் ஒரு ஹோட்டலின் பாரில் நான் வேலை செய்கிறேன். சித்திரை மாதத்திலிருந்து புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும் காலமே எங்களுக்குப் பரபரப்பான பருவம். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் வாழைச்சேனையிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் புதிதாக வரும் இளைஞர்களுக்கு வேலை பழக்குவது என் பொறுப்பு. அவர்கள் இனிப்பில்லாத ட்ரை ஜின்னை ஒரு வாரத்திலேயே கையாளப் பழகிவிடுவார்கள். ஆனால் அலுமாரியில் அதற்குப் பக்கத்தில் நிற்கும் ஓல்ட் டொம், ஸ்லோ ஜின், பிங்க் ஜின் ஆகிய போத்தல்களைத் தொட்டவுடன் கணக்குத் தவறத் தொடங்குகிறது. அந்தத் தவறு எங்கே ஏற்படுகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் திருத்துவது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

இரண்டு பருவங்களுக்கு முன் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஒரு மாலை, விருந்தினர் ஒருவர் ஸ்லோ ஜின் சவர் என்ற புளிப்புக் கொக்டெயிலைக் கேட்டார். புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் தான் நன்றாகப் பழகியிருந்த ஜின் சவரின் அளவுகளையே எடுத்துக்கொண்டார். ஜின் 60 மில்லிலீற்றர், தேசிக்காய்ச்சாறு 20, சீனிப்பாணி 20. ட்ரை ஜின் போத்தலுக்குப் பதிலாக ஸ்லோ ஜின் போத்தலை எடுத்தது மட்டுமே வேறுபாடு. இரண்டு வாய் குடித்த விருந்தினர் கிளாஸைத் திருப்பி அனுப்பிவிட்டார். “அண்ணன், அளவு எல்லாம் சரியாகத்தான் போட்டேன், பிறகு ஏன் பழப்பாணி மாதிரி இருக்கிறது?” என்று தம்பி கேட்டார். அவர் அளந்த விதத்தில் பிழை இல்லை. போத்தலுக்குள் ஏற்கெனவே இருந்த சீனியை அவர் எண்ணவில்லை, அவ்வளவுதான். இனிப்பு ஜின்களைப் பற்றிப் புதியவர் அறிய வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு விடயத்துக்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் போத்தலைப் படியுங்கள்

போத்தலை எடுத்ததும் பெயரையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன் மதுசார வீதத்தைப் பார்க்கப் பழகுங்கள். ஐரோப்பிய விதிகளின்படி ஜின் என்று வெறுமனே பெயரிட்டு விற்க வேண்டுமாயின் மதுசாரம் குறைந்தது 37.5 வீதம் இருக்க வேண்டும். ஸ்லோ ஜின் இதற்கு விலக்கானது. அது பெயரில் ஜின் என்றாலும் வகையில் ஒரு லிக்கர், அதாவது இனிப்பூட்டிய மது. அதற்குக் குறைந்த அளவு 25 வீதம் மட்டுமே, கடைகளில் கிடைப்பவற்றுள் நன்கு அறியப்பட்ட பல 26 வீதத்தில் இருக்கின்றன. ஆகவே முகப்பில் பெரிதாக என்ன எழுதியிருந்தாலும், மூலையில் சிறிய எழுத்தில் உள்ள அந்த எண் 37.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை ஜின்னாகவும், 30க்குக் கீழே இருந்தால் லிக்கராகவும் கருதித் தொடங்குங்கள்.

அடுத்து, சீனி. லண்டன் ட்ரை என்று பெயர் பெற்ற ஜின்னில் லீற்றர் ஒன்றுக்கு 0.1 கிராமுக்கு மேல் சீனி சேர்க்கக் கூடாது, அதாவது நடைமுறையில் சீனியே இல்லை. லிக்கர் என்றால் பொதுவாக லீற்றருக்குக் குறைந்தது 100 கிராம் சீனி இருக்க வேண்டும், பல அதற்கும் மேலே செல்கின்றன. ஓல்ட் டொம் இந்த இரண்டுக்கும் நடுவில், ட்ரை ஜின்னின் பக்கமாகவே நிற்கிறது. அந்தப் பெயருக்கென்று சட்டத்தில் தனி வரையறை இல்லை என்பதால், ஒரு போத்தலுக்கும் இன்னொரு போத்தலுக்கும் இடையில் பெரிய வேறுபாடு காணப்படும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஓல்ட் டொம்மைச் சுவைத்துப் பாராமல் எந்தச் செய்முறையிலும் சேர்க்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துகிறேன்.

ஓல்ட் டொம் எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாக அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் அதன் சுவைக்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்தில் ஜின் காய்ச்சப் பயன்பட்ட மது, பானை வடிகலத்தில் வடித்த கரடுமுரடான சரக்கு. அந்தக் கரட்டை மறைக்க, ஜின்னுக்கு அதன் தனி மணத்தைத் தரும் ஜூனிப்பர்க் காய்களும் வாசனைப் பொருட்களும் தாராளமாகச் சேர்க்கப்பட்டன, பின்னர் இனிப்பும் ஊட்டப்பட்டது. 1830இல் ஈனியாஸ் கொஃபி தொடர் வடிகலத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு சுத்தமான மது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லாமற் போனதால் இனிப்பில்லாத ட்ரை ஜின் மெல்ல மெல்ல மேலோங்கியது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஓல்ட் டொம் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. 2007இல் ஹேமன்ஸ் நிறுவனம் தன் பழைய குடும்பச் செய்முறையைக் கொண்டு அதை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று அந்தப் பெயரில் மூன்று போக்குகளைக் காணலாம். சிலர் சீனி சேர்க்கிறார்கள். சிலர் சீனி சேர்க்காமல், அதிமதுரம் போன்ற இனிப்பான வேர்களையும் கூடுதலான வாசனைப் பொருட்களையும் கொண்டு இனிப்பின் உணர்வை உண்டாக்குகிறார்கள். வேறு சிலர் மரப்பீப்பாயில் வைத்து எடுக்கிறார்கள். அதிமதுரத் துண்டை வாயில் போட்டு மென்றவர்களுக்கு இரண்டாவது வகையின் சுவை உடனே புரியும். இனிப்பு உடனடியாக வராது, விழுங்கிய பிறகு தொண்டையில் நின்று வரும்.

மூக்கைப் பிடித்துச் சுவையுங்கள்

ஒரு ஜின்னில் உண்மையாகவே சீனி இருக்கிறதா, அல்லது இனிப்பான மணம் மட்டும்தான் இருக்கிறதா என்று புதியவர் பிரித்தறிவது கடினம். ஸ்ட்ரோபெரி மணம் கொண்ட ஒரு பிங்க் ஜின்னை முகர்ந்த உடனேயே நம் மனம் இனிப்பு என்று தீர்ப்பெழுதிவிடுகிறது. இதற்கு நான் கற்றுக்கொடுக்கும் வழி எளியது. சிறிய கிளாஸில் ஜின் 15 மில்லிலீற்றரும் அதே அளவு தண்ணீரும் கலந்து, மூக்கை இரு விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுங்கள். மூக்கு அடைபட்டிருக்கும்போது பழ மணம் தெரியாது, நாக்கு அறியும் இனிப்பும் புளிப்பும் கசப்பும் மட்டுமே மிஞ்சும். அப்போதும் இனிப்புத் தெரிந்தால் அதில் சீனியோ வேறு இனிப்பூட்டியோ இருக்கிறது. தெரியாவிட்டால், மூக்கை விட்டவுடன் வந்து சேரும் அந்த இனிப்பு வெறும் மணமே. வேலைக்கு வந்த முதல் வாரத்தில் இதைச் செய்து பார்த்த ஒருவர், அதற்குப் பிறகு நிறத்தை நம்பி அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் இல்லை.

எவ்வளவு சீனி என்பதையும் ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். சீனியும் தண்ணீரும் சம எடையில், உதாரணமாக 200 கிராம் சீனிக்கு 200 கிராம் தண்ணீர் என்று எடுத்து, கரையும் வரை மட்டும் சூடாக்கிப் பாணி ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பாணி ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 0.6 கிராம் சீனி இருக்கும். மருந்துக்கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றை வாங்கினால் மில்லிலீற்றர் கணக்கில் அளப்பது எளிது. இப்போது ஒரு கிளாஸில் நீங்கள் சோதிக்கும் ஓல்ட் டொம்மையும், இன்னொரு கிளாஸில் சாதாரண ட்ரை ஜின்னையும் முப்பது முப்பது மில்லிலீற்றராக எடுத்து, இரண்டிலும் அதே அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். ட்ரை ஜின் கிளாஸில் அரை மில்லிலீற்றர் அரை மில்லிலீற்றராகப் பாணியைச் சேர்த்து, இரண்டின் இனிப்பும் ஒன்றாகத் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு மில்லிலீற்றர் பாணியும் லீற்றருக்கு 20 கிராம் சீனிக்கு அண்ணளவாகச் சமம். இரண்டு மில்லிலீற்றரில் சமமானால், அந்த ஓல்ட் டொம்மில் லீற்றருக்கு 40 கிராம் அளவு இனிப்பு இருக்கிறது என்று போத்தலின் கழுத்தில் ஒரு ஒட்டுத்தாளில் எழுதி வைத்துவிடலாம். அது சீனியால் வந்ததா, அதிமதுரத்தால் வந்ததா என்பது கொக்டெயில் கலப்பவருக்கு அவ்வளவு முக்கியமில்லை, நாக்குக்கு எவ்வளவு இனிக்கிறது என்பதே கணக்கு.

பழச்சாற்றின் சீனியை அளக்கும் ஒளிமுறிவுமானியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மதுசாரமும் ஒளியை முறிப்பதால் அது காட்டும் எண் தவறாகவே இருக்கும். நாக்கையே நம்புங்கள். ஆனால் இந்தச் சோதனை மிகவும் இனிப்பான ஸ்லோ ஜின்னுக்குப் பொருந்தாது. அதில் பழத்தின் புளிப்பும் துவர்ப்பும் இனிப்பை மறைத்துவிடும், பாணியும் அதிகம் தேவைப்பட்டு அளவையே மாற்றிவிடும். அதற்கு வேறு வழி உண்டு, கீழே வருகிறது.

ஒரே சவரில் மூன்று ஜின்கள்

ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சவரைவிடப் பொருத்தமான கலவை இல்லை என்பது என் எண்ணம். அதில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. மது, புளிப்பு, இனிப்பு ஆகிய மூன்று மட்டுமே இருப்பதால் ஒன்று பிசகினாலும் உடனே தெரிந்துவிடும்.

நம் அடிப்படை அளவு, மேலே தம்பி எடுத்த அதே அளவுதான்: 40 வீத ட்ரை ஜின் 60 மில்லிலீற்றர், அப்போதுதான் பிழிந்த தேசிக்காய்ச்சாறு 20, சீனிப்பாணி 20. இதில் சீனி 12 கிராம், தூய மதுசாரம் 24 மில்லிலீற்றர். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் பதித்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் இவற்றோடு ஒப்பிட்டுவிடலாம்.

ஓல்ட் டொம்மை எடுத்தால், லீற்றருக்கு 40 கிராம் என்று நாம் கண்டுபிடித்த போத்தலின் 60 மில்லிலீற்றரில் 2.4 கிராம் சீனி ஏற்கெனவே இருக்கிறது. அது நான்கு மில்லிலீற்றர் பாணிக்குச் சமம். ஆகவே பாணியை 20இலிருந்து 16ஆகக் குறைத்தால் போதும். மதுசாரத்தில் பெரிய மாற்றம் இல்லை, ஏனெனில் ஓல்ட் டொம் பெரும்பாலும் 40 வீதத்தை அண்டியே இருக்கிறது. மாற்றம் இவ்வளவு சிறியது என்பதாலேயே பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வாயில் தெரியும் வேறுபாடு எண்ணில் தெரிவதைவிடப் பெரியது. ட்ரை ஜின் சவரில் முதலில் புளிப்பு, பிறகு ஜூனிப்பரின் கூர்மை என்று சுவைகள் தனித்தனியே வந்து போகும். ஓல்ட் டொம்மில் அவை ஒன்றோடொன்று உருண்டு சேர்ந்து, வாய்க்குள் சற்றே தடிப்பான ஓர் உணர்வைத் தரும். குளிர்ந்த சோடாவை மேலே ஊற்றி நீட்டும்போது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனெனில் நீர் கூடும்போது ட்ரை ஜின்னின் சுவை மெலிந்துவிடுகிறது. டொம் கொலின்ஸ் என்ற நீண்ட கிளாஸ் பானம் இந்த ஜின்னோடு சேர்த்துப் பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓல்ட் டொம் 60, தேசிக்காய்ச்சாறு 25, பாணி 16 என்று எடுத்து, ஐஸ் நிறைந்த உயரமான கிளாஸில் ஊற்றி, சோடாவால் நிரப்பி ஒரு தடவை மட்டும் கரண்டியால் தூக்கிவிடுங்கள். சாறு சற்றுக் கூடியிருப்பது சோடாவின் நீரை ஈடுகட்டத்தான்.

இப்போது தம்பியின் ஸ்லோ ஜின் சவருக்குத் திரும்புவோம். ஸ்லோ என்பது ஐரோப்பாவின் வேலியோரங்களில் முள்மரத்தில் காய்க்கும், திராட்சை அளவான கருநீலப் பழம், பிளம்ஸ் இனத்தைச் சேர்ந்தது. பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும் அளவுக்குத் துவர்ப்பானது. அதை ஜின்னில் மாதக்கணக்கில் ஊறவைத்துச் சீனி சேர்ப்பதே ஸ்லோ ஜின். லீற்றருக்கு 200 கிராம் சீனி என்று வைத்துக்கொள்வதை நான் தொடக்கக் கணக்காகப் பயன்படுத்துகிறேன். அப்படியானால் 60 மில்லிலீற்றரில் 12 கிராம். அடிப்படைச் சவருக்குத் தேவையான சீனி முழுவதும் ஜின் போத்தலிலேயே வந்துவிட்டது. தம்பி அதன் மேல் 20 மில்லிலீற்றர் பாணியையும் ஊற்றியதால் சீனி 24 கிராம் ஆனது, தேவையின் இருமடங்கு. மறுபுறம் 26 வீதத்தில் 60 மில்லிலீற்றருக்கு மதுசாரம் 15.6 மில்லிலீற்றர் மட்டுமே, வழமையின் மூன்றில் இரண்டு பங்கு. இனிப்பு இரட்டிப்பாகி, மது குறைந்தால் பழப்பாணிதான் கிடைக்கும், விருந்தினர் கிளாஸைத் திருப்பி அனுப்பியதில் தவறில்லை.

பாணியை முற்றாக விட்டுவிட்டால் இனிப்புச் சரியாகும், ஆனால் பானம் மெலிந்தே இருக்கும். ஆகவே நான் இரண்டு ஜின்களையும் சம அளவில் கலக்கிறேன்: ஸ்லோ ஜின் 30, ட்ரை ஜின் 30, தேசிக்காய்ச்சாறு 20, பாணி 10. ஸ்லோவிலிருந்து 6 கிராம், பாணியிலிருந்து 6 கிராம், மொத்தம் அதே 12 கிராம் சீனி. மதுசாரமும் 19.8 மில்லிலீற்றருக்கு உயர்ந்துவிடும். நிறம் சற்று வெளிறினாலும், ஜூனிப்பரின் முதுகெலும்பு திரும்பக் கிடைக்கும். இந்தக் கலவையை அன்றிரவே அந்த விருந்தினருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் இன்னொன்றும் கேட்டார்.

உங்கள் கையிலுள்ள ஸ்லோ அல்லது பெரி லிக்கரின் சீனி 200 கிராம்தானா என்று தெரியாது அல்லவா? அதற்கான வழி இதுதான். மேற்சொன்ன பாதிப்பாதிக் கலவையைப் பாணி இல்லாமல் ஐஸுடன் குலுக்குங்கள். ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்து, பின்னர் ஐந்து மில்லிலீற்றர் பாணி சேர்த்து மீண்டும் ஒரு முறை குலுக்கிச் சுவையுங்கள். குளிர்ந்த நிலையிலேயே தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் குளிர் இனிப்பை மங்கச் செய்கிறது. அறை வெப்பத்தில் சரியாக இருந்தது ஐஸில் புளிக்கும். குலுக்கும்போது பன்னிரண்டு விநாடி போதும். எங்கள் கரையோர வெயிலில் ஐஸ் வாளியில் கிடந்து ஏற்கெனவே வியர்த்துப் போயிருந்தால், அந்த நீரை முதலில் வடித்துவிட்டுப் பிறகு ஜின்னை ஊற்றுங்கள். அதை மறந்தால் நீங்கள் கணக்கிட்ட அத்தனையும் தண்ணீரில் கரைந்துவிடும்.

பிங்க் என்ற பெயரில் உள்ள குழப்பம்

ஸ்ட்ரோபெரி, ராஸ்பெரி போன்றவற்றின் மணமும் நிறமும் கொண்ட பிங்க் ஜின்கள் கடந்த பத்தாண்டுகளில்தான் பெருகின. கோர்டன்ஸ் தன் பிங்க் ஜின்னை 2017இல் அறிமுகப்படுத்தியது, பீஃபீட்டர் அதற்கு அடுத்த ஆண்டு. இவை 37.5 வீதத்தில் இருப்பதால் மதுசாரக் கணக்கில் ட்ரை ஜின்னைப் போலவே நடந்துகொள்ளும். ஆனால் அதே நிறத்திலும் ஏறக்குறைய அதே வடிவப் போத்தலிலும் 20 வீத லிக்கர்களும் விற்கப்படுகின்றன. இரண்டையும் அலுமாரியில் அடுத்தடுத்து வைக்காதீர்கள் என்பதே என் முதல் அறிவுரை.

37.5 வீத பிங்க் ஜின்னைச் சவரில் பயன்படுத்தும்போது, மூக்கைப் பிடித்துச் செய்யும் சோதனையின் முடிவுப்படி பாணியைத் தீர்மானியுங்கள். என் அனுபவத்தில், பழ மணத்தால் ஏமாந்து பாணியைப் பாதியாக வெட்டுவோர்தான் அதிகம், அப்போது பானம் கிளாஸில் இனிப்பாக மணத்து வாயில் புளிப்பாக அடிக்கும். இந்த மணங்கள் மேலோட்டமானவை. நீண்ட நேரம் குலுக்குவதையும் கறுவா, கராம்பு போன்ற வலிய மணங்களையும் அவை தாங்காது. வெள்ளரிக்காய்த் துண்டும் குளிர்ந்த சோடாவும் போதும். ரொனிக்கை ஊற்றும்போது எச்சரிக்கை தேவை. ரொனிக் கசப்பதால் அதில் சீனி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண ரொனிக்கில் 100 மில்லிலீற்றருக்கு 5 முதல் 9 கிராம் வரை சீனி இருக்கும், போத்தலின் பின்புறத்திலேயே எழுதியிருப்பார்கள். 150 மில்லிலீற்றர் ஊற்றினால் ஒரு முழுச் சவரின் சீனி வரை சேர்ந்துவிடலாம். ஆகவே சீனி உள்ள ஜின் எதுவானாலும், ரொனிக்கில் பாதியைச் சோடாவாக மாற்றி, தேசிக்காய் ஒரு கீற்றைப் பிழிந்துவிடுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சற்று வயதான ஆங்கிலேய விருந்தினர் ஒருவர் பிங்க் ஜின் என்று கேட்டால், அவர் பெரும்பாலும் பெரி ஜின்னைக் கேட்கவில்லை. சாதாரண ஜின்னில் அங்கொஸ்துரா பிற்றர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாரம் சில சொட்டுகள் இட்ட, இனிப்பே இல்லாத, பிரித்தானியக் கடற்படையினரிடையே புழங்கிய பழைய பானத்துக்கும் அதே பெயர்தான். “பழத்தோடா, பிற்றர்ஸோடா?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் தீர்ந்தது.

ஸ்லோ இல்லாத ஊரில் நாவல்

ஸ்லோ பழம் இந்த நாட்டில் விளைவதில்லை. இறக்குமதிப் போத்தலும் எப்போதும் கிடைப்பதில்லை. ஆனால் துவர்ப்பும் இனிப்பும் கருநீலமும் ஒன்றாகச் சேர்ந்த பழம் எங்களிடம் இல்லாமல் இல்லை. நாவற்பழம் பருவத்தில் சந்தையில் குவியலாக வந்து சேரும்போது, பெரி ஜின் எப்படி உருவாகிறது என்பதைப் புதியவர்களுக்குக் கண்ணால் காட்ட நான் அதையே பயன்படுத்துகிறேன். இது பழகுவதற்காகச் செய்வது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுவைத் தயாரித்து விற்பது குற்றம் என்பதையும், கசிப்பு எதையும் இதற்கு அடிப்படையாக ஒருபோதும் எடுக்கக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நன்கு பழுத்த நாவற்பழங்களைக் கழுவித் துடைத்து, கொட்டையை நீக்கி, சதை மட்டும் 300 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையை நசுக்கிவிட்டால் கசப்பு ஏறும். சுத்தமான கண்ணாடிப் போத்தலில் சதையைப் போட்டு, அனுமதி பெற்ற கடையில் வாங்கிய 40 வீத ட்ரை ஜின் 500 மில்லிலீற்றரை ஊற்றி மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். முதல் மணித்தியாலத்திலேயே நிறம் இறங்கத் தொடங்கும், மறுநாள் காலையில் ஜின் மை போல இருக்கும். நிறத்தைப் பார்த்து முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம், சுவை நிறத்துக்குப் பின்னால்தான் வரும். மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு தேக்கரண்டி எடுத்துச் சுவையுங்கள். பழத்தின் சுவை நிறைந்து, துவர்ப்பு இன்னும் பல்லைப் பிடிக்காத நாளில் நிறுத்த வேண்டும், அது பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வரும். அதைத் தாண்டினால் பனங்காயின் பச்சைக் களியை வாயில் வைத்தது போல நாக்கு வறண்டுபோகும், அதை எந்தச் சீனியாலும் திருப்ப முடியாது. மெல்லிய துணியில் வடித்தெடுங்கள், பிழியாதீர்கள்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். 300 கிராம் சதையில் ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் தண்ணீர் இருக்கிறது. ஜின்னில் இருந்த மதுசாரம் 200 மில்லிலீற்றர். அது பழத்தின் நீரோடு கலந்து 750 மில்லிலீற்றருக்குள் பரவிவிட்டால் வீதம் 27க்கு அருகில் வந்து நிற்கும். ஸ்லோ ஜின் ஏன் ட்ரை ஜின்னைவிட இவ்வளவு மெலிந்திருக்கிறது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேயே இருக்கிறது. பழம் தன் நிறத்தையும் சுவையையும் கொடுக்கும்போது தன் தண்ணீரையும் சேர்த்தே கொடுக்கிறது, பிறகு சேர்க்கும் சீனியும் கனவளவைக் கூட்டுகிறது. வடித்தெடுத்ததில் 500 மில்லிலீற்றருக்கு 100 கிராம் சீனி கரைத்தால், லீற்றருக்கு 180 கிராம் சீனியும் 24 வீதம் அளவு மதுசாரமும் கொண்ட ஒரு பழ லிக்கர் கிடைக்கும். சீனியை முதலிலேயே பழத்தோடு போடாமல் கடைசியில் போடச் சொல்வது, இந்தப் பழத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதைச் சுவைத்துத் தீர்மானிப்பதற்காகத்தான். ஒரு மரத்தின் நாவல் இன்னொரு மரத்தின் நாவலைப் போல இருக்காது.

இதைக் கொண்டு பாதிப்பாதிச் சவரைக் கலக்கும்போது இன்னொரு விடயத்தையும் காட்டுவேன். சிறிது நாவல் ஜின்னை இரண்டு கிளாஸ்களில் ஊற்றி, ஒன்றில் சோடாவையும் மற்றதில் தேசிக்காய்ச்சாற்றையும் விடுங்கள். சோடா விட்டது ஊதாவாகவே மங்கி நிற்கும், புளிப்பு விட்டது பளிச்சென்று சிவக்கும். பழத்தின் நிறப்பொருள் புளிப்பில் சிவப்பாகவும், புளிப்புக் குறையும்போது நீலம் கலந்தும் காட்டும் தன்மையுடையது. ஆகவே பழத்தால் மட்டும் நிறம் பெற்ற பெரி ஜின்னில் கலந்த நீண்ட பானம் ஒன்று சாம்பல் பூத்தது போல மங்கலாகத் தெரிந்தால், ஐந்து மில்லிலீற்றர் சாறு சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் நிறமும் திரும்பும், சுவையும் நிமிரும்.

மார்டினெஸ், ஓல்ட் டொம்முக்கே உரியது

குலுக்காமல் கலக்கும் பானங்களில், இந்த ஜின்களுக்கு இடையிலான வேறுபாட்டை மார்டினெஸ் போல வேறெதுவும் காட்டாது. 1880களில் அச்சான அமெரிக்கக் கொக்டெயில் நூல்களிலேயே இது இடம்பெற்றுவிட்டது. அக்காலச் செய்முறை ஒன்று ஓல்ட் டொம் ஜின்னைப் பெயர் குறிப்பிட்டே கேட்கிறது. நான் ஓல்ட் டொம் 45 மில்லிலீற்றர், சிவப்பு இனிப்பு வேர்மூத் 45, மராஸ்கினோ என்ற செரிப்பழ லிக்கர் 5, பிற்றர்ஸ் இரண்டு சொட்டு என்று எடுத்து, ஐஸில் அரை நிமிடம் கரண்டியால் சுழற்றி வடிக்கிறேன். இங்கே பாணியும் இல்லை, புளிப்பும் இல்லை. வேர்மூத்தின் மூலிகைக் கசப்பையும் இனிப்பையும் ஜின் தாங்க வேண்டும். ட்ரை ஜின்னில் இதைச் செய்தால் ஜூனிப்பர் ஒரு பக்கமும் வேர்மூத் மறுபக்கமும் பிரிந்து நிற்பது போலிருக்கும், பெரி ஜின்னில் செய்தால் இருமல் மருந்தின் சாயல் வந்துவிடும். ஓல்ட் டொம்மின் சிறு இனிப்பு நடுவில் நின்று இரண்டையும் பிடித்துவைக்கிறது. இந்த ஒரு பானத்துக்காகவே அந்தப் போத்தலை வாங்கலாம் என்று நான் சொல்வேன்.

வேர்மூத் அடிப்படையில் ஒரு வைன். மட்டக்களப்பு வெயிலில் திறந்த போத்தலை அலுமாரியில் வைத்தால் சில நாட்களிலேயே புளித்த தட்டைச் சுவை வந்துவிடும். மார்டினெஸ் சரியில்லை என்று ஜின்னைக் குறை சொல்வதற்கு முன் வேர்மூத்தைத் தனியே சுவைத்துப் பாருங்கள். திறந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

ட்ரை ஜின்னும் ஓல்ட் டொம்மும் திறந்த பிறகும் நீண்ட காலம் நிற்கும். பழ நிறம் கொண்டவை அப்படியல்ல. ஜன்னல் வெளிச்சம் படும் தட்டில் அழகுக்காக வைத்த ஸ்லோ ஜின் சில மாதங்களில் சிவப்பை இழந்து செங்கல் நிறத்துக்கு மாறி, பழச்சுவைக்குப் பதிலாக உலர்ந்த முந்திரிகை வற்றலின் சுவையைத் தரும். போத்தலைத் திறந்த திகதியைப் பென்சிலால் எழுதி, பாதிக்குக் கீழே குறைந்ததும் சிறிய போத்தலுக்கு மாற்றி, இருட்டான தட்டில் வையுங்கள். மாறிய நிறத்தைக் கண்டால் வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். ஓரம் பழுப்பாகத் தெரிந்தால் அந்தப் போத்தலை விருந்தினருக்கு ஊற்ற வேண்டாம்.